மாத்திரையை நிறுத்தச் சொன்ன கோடாங்கி

கேள்வி: தாராவியில் இருக்கிறோம், சொந்த ஊர் சாயல்குடி பக்கம். என் நாத்தனாருக்கு 20 வயது. திடீரென்று வெறிக்கப் பார்ப்பாள், வாயைச் சப்புக்கொட்டுவாள், துப்பட்டாவைக் கசக்குவாள். ஒரு நிமிஷத்தில் விட்டுவிடும், கேட்டால் ஞாபகம் இல்லை என்பாள். இரண்டு முறை கீழே விழுந்து கைகால் வெட்டியது. ஈஈஜி நார்மல். ஆனாலும் லெவெடிரசெட்டாம் மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட ஆரம்பித்ததும் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள். ஊரிலிருந்து வந்த கோடாங்கி "காத்து பட்டிருக்கு, மாத்திரை அதைச் சீண்டுது" என்று நிறுத்தச் சொல்லி, தாயத்துக் கட்டினார். மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. போன வாரம் மறுபடி வந்துவிட்டது. அத்தை இப்போது ஏர்வாடிக்குக் கூட்டிப்போய்த் தங்க வைக்கலாம் என்கிறார். மருமகள் நான் எப்படிச் சொல்வது?

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. விட்டுப்போன வலிப்பு திரும்பி வரும்போது நீண்டும் வரலாம், அடுத்தடுத்தும் வரலாம். அதற்காக நீங்களாகவே பழைய அளவில் மறுபடி கொடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். சில மாத்திரைகளை இடைவெளிக்குப் பிறகு குறைந்த அளவிலிருந்துதான் ஏற்ற வேண்டும். எழுதிக்கொடுத்த மருத்துவரை இந்த வாரமே பார்த்து, நிறுத்திய தேதியை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து "தினமும் சாப்பிடுறா டாக்டர்" என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய. அப்படிச் சொன்னால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் அளவை ஏற்றிவிடுவார்.

இனி உங்கள் அத்தையின் பக்கம் நின்று பார்ப்போம். அவர் கண்ணால் கண்டது மூன்று விஷயம். ஆஸ்பத்திரியில் எடுத்த படம் நார்மல். மாத்திரை சாப்பிட்டதும் பெண்ணுக்கு உக்கிரம் கூடியது. தாயத்துக் கட்டியதும் மூன்று வாரம் அமைதி. இந்த மூன்றையும் வைத்து யார் யோசித்தாலும் கோடாங்கி சொன்னதுதான் சரி என்று படும். அவரிடம் போய் "மூடநம்பிக்கை" என்று ஆரம்பித்தால் பேச்சு அதோடு முடிந்தது. மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் இருக்கிறது. அதைச் சொல்வதுதான் வழி.

ஈஈஜி என்பது சுமார் அரை மணி நேரம் மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்வது. அந்த அரை மணியில் ஒன்றும் நடக்காவிட்டால் படம் சுத்தமாகத்தான் வரும். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் ஈஈஜி நார்மல். அதனால்தான் நாங்கள் படத்தைவிட, நேரில் பார்த்தவர் சொல்வதை அதிகம் நம்புகிறோம். வெறித்த பார்வை, சப்புக்கொட்டுவது, துணியைக் கசக்குவது, ஒன்றிரண்டு நிமிஷத்தில் விட்டுவிடுவது, அப்புறம் ஞாபகம் இல்லாதது: இந்த வரிசை நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் டெம்போரல் பகுதியிலிருந்து கிளம்பும் வலிப்பைத்தான் முதலில் நினைக்க வைக்கும். இது வருவதற்குச் சில நொடி முன்பு சிலருக்கு வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போலிருக்கும், காரணமில்லாத பயம் வரும், இல்லாத நாற்றம் அடிக்கும். உங்கள் நாத்தனாரிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். "ஏதோ உள்ளே வருது" என்று அவள் எப்போதாவது சொல்லியிருந்தால், அத்தை அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டதில் ஆச்சரியம் என்ன?

அடுத்தது கோபம். இதில் உங்கள் அத்தை பார்த்தது உண்மை. லெவெடிரசெட்டாம் நல்ல மருந்துதான், ஆனால் சிலருக்கு எரிச்சல், அழுகை, சண்டைக்குணம் என்று மனநிலையைப் புரட்டிவிடும். பெரும்பாலும் ஆரம்பித்த சில வாரங்களிலேயே தெரியும். இதைக் கொடுக்கும்போதே வீட்டாரிடம் சொல்லியிருந்தால் கோடாங்கிக்கு வேலையே இருந்திருக்காது. ஓபியில் கூட்டம், ஆளுக்கு மூன்று நிமிஷம், சொல்லாமல் விட்டுப்போகிறது. மருத்துவரிடம் "மாத்திரை சாப்பிட்டதும் குணம் மாறியது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். அத்தையிடமும் இதையே சொல்லலாம்: "நீங்க சொன்னது சரி அத்தை, அந்த மாத்திரை அவளுக்கு ஒத்துக்கல. வேற கேட்போம்." அவர் சொன்னது சரி என்று வீட்டில் ஒருவர் ஒத்துக்கொண்டால் அடுத்த பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார்.

மூன்றாவது, தாயத்து. வலிப்பு மாதக்கணக்கில் ஒரே சீராக வராது. கொத்தாக வரும், அப்புறம் ஒரு இடைவெளி விடும். கொத்தாக வந்து வீடே கலங்கிப்போன நேரத்தில்தான் கோடாங்கியைத் தேடுகிறோம். அதற்குப் பின்னால் எப்படியும் வரவேண்டிய இடைவெளி தாயத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கையில் இரும்புச் சாவி கொடுப்பதும் இதே கதைதான். பெரும்பாலான வலிப்பு ஒன்று முதல் மூன்று நிமிஷத்துக்குள் தானாக நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் அந்த நேரம் ஆகிவிடும்.

இந்த மூன்றும் நிஜத்தில் மேலே தெரிவதுதான். அடியில் இருப்பது கல்யாணக் கவலை என்று நினைக்கிறேன். காத்து பட்டது என்றால் ஓட்டிவிடலாம், ஊருக்குத் தெரியாமல் போய்விடும். காக்கா வலிப்பு என்றால் பேர் ஒட்டிக்கொள்ளும். பெண்ணைக் காப்பாற்றத்தான் உங்கள் அத்தை அந்தப் பேரை ஏற்க மறுக்கிறார். அவருக்குச் சொல்ல வேண்டியது இது: சரியான மருந்தில் பத்தில் ஏழு பேருக்கு வலிப்பு கட்டுப்படுகிறது, கட்டுப்பட்டவர்கள் கல்யாணம் செய்து பிள்ளை பெறுகிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் காக்கா வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கும் வழியும் 1999-லேயே நீக்கப்பட்டுவிட்டது. கல்யாண வயதுப் பெண் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சோடியம் வால்ப்ரோயேட் என்ற மருந்து கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கும். வேறு மருந்து இருக்கும்போது இந்த வயதில் அதைத் தவிர்க்கவே பார்ப்போம்.

யார் பேசுவது என்பதும் முக்கியம். மருமகள் நீங்கள் முன்னால் நின்றால் அது மாமியார் மருமகள் வழக்காகிவிடும். உங்கள் கணவர் பேசட்டும். அந்தப் பெண்ணும் பக்கத்தில் இருக்கட்டும். அவள் உடம்பைப் பற்றித்தான் பேச்சு. சாமியை இழுக்காமல், "பூஜையை நிறுத்த வேண்டாம்மா, தாயத்தும் கையிலேயே இருக்கட்டும். மாத்திரையும் கூட இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னால் போதும். முடிந்தால் உங்கள் கணவர் கோடாங்கியையே போய்ப் பார்க்கட்டும். மாத்திரை அட்டையைத் தட்டில் வைத்து, திருநீறு போட்டு வாங்கி வரலாம். பலருக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கு இல்லை. "மாத்திரையை விடாதே" என்று கோடாங்கி வாயால் ஒரு வார்த்தை வந்தால் நான் பத்து தடவை சொல்வதற்குச் சமம், அவருக்கும் மரியாதை குறையாது. அவரிடம் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில உண்டு. வலிப்பு உள்ளவருக்குத் தூக்கம் கெட்டாலே வலிப்பு வரும், அதனால் ராத்திரி முழுக்க கண் விழிக்கும் பூஜை கூடாது. பட்டினி விரதம் வேண்டாம். மிளகாய்ப் புகை, அடி, கட்டிப்போடுவது எதற்கும் இடம் இல்லை. பேய் ஓட்டுகிறேன் என்று அடிப்பதும் கட்டுவதும் மகாராஷ்டிராவில் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டத்தை முதல் பேச்சிலேயே எடுக்காதீர்கள், கைவைக்கும் நிலை வந்தால் எடுங்கள்.

ஏர்வாடிக்குப் போகலாமா? நம்பிக்கையோடு போய் வணங்கி வருவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. தர்காவுக்கு வரும் மனநோயாளிகளுக்கு அங்கேயே அரசு மருத்துவம் கிடைக்க 'தவா-துவா' என்ற திட்டம் இருக்கிறது. மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தே நடக்கட்டும் என்பதுதான் அதன் எண்ணம். ஆனால் தனியார் விடுதியில் விட்டுவிட்டு வருவது வேறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் அப்படி ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இப்போது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதையே தடை செய்கிறது. அத்தை பிடிவாதமாக இருந்தால் நீங்களோ கணவரோ கூடவே போங்கள், மாத்திரையை உங்கள் பையில் வையுங்கள், நாலு நாளில் திரும்புங்கள்.

வழிபாட்டிடத்தில் தங்கினால் குணமாகிறதே என்று யாராவது சொல்வார்கள். முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் ஒரு கோயிலில் குடும்பத்தாரோடு தங்கியிருந்த, கடுமையான மனநோய் உள்ளவர்களைப் பற்றி 2002-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. சில வாரங்களில் அறிகுறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே பேயோட்டலும் இல்லை, அடியும் இல்லை. கோயில் வேலை, அமைதி, கூடவே வீட்டு ஆள். 31 பேரை மட்டும் பார்த்த சிறிய ஆய்வு அது, ஒப்பிட வேறு குழுவும் இல்லை. மனநோய்க்கு அந்த அன்பும் அமைதியும் மருந்தோடு சேர்ந்தால் நல்லது. மூளையில் மின்னோட்டம் தாறுமாறாகப் பாய்வதை அமைதியால் நிறுத்த முடியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உடுக்கைச் சத்தத்தில் அரை மணி நேரம் ஆடி, கேட்டதற்குப் பதிலும் சொல்வது வலிப்பு அல்ல. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பத்து இருபது நிமிஷம் விட்டுவிட்டு உதறுவதும் பல நேரம் வலிப்பாக இருக்காது. அது மன அழுத்தம் உடம்பில் வெளிப்படும் விதம். நடிப்பும் இல்லை. அதற்கு வலிப்பு மாத்திரை உதவாது, மனநல மருத்துவரும் பேச்சு சிகிச்சையும் வேண்டும். சிலருக்கு இரண்டுமே இருக்கும். மனநலம் பற்றித் தமிழிலேயே பேச 14416 என்ற டெலி-மானஸ் எண் இலவசம், அத்தையைக்கூடப் பேச வைக்கலாம்.

எது எது என்று பிரிக்க ஒரு வீடியோ பெரிதும் உதவும். அடுத்த முறை வரும்போது செல்போனில் முகமும் இரண்டு கையும் தெரிய எடுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு, "கையைத் தூக்கு" என்று சொல்லிப் பாருங்கள். ஆரம்பித்த நேரம், நின்ற நேரம், தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீடியோ எடுப்பவர் ஒருவர், அவளைக் கவனிப்பவர் இன்னொருவர் என்று இருக்க வேண்டும். கீழே விழுந்து வெட்டினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலோ, தெளியாமலேயே அடுத்தது வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஓபிக்கு அத்தையையும் கூட்டிப்போங்கள். முதலில் அவரே பேசட்டும், கோடாங்கி சொன்னதையும் சேர்த்து. எம்ஆர்ஐ எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நம் நாட்டில் மூளையில் நாடாப்புழுக் கட்டி இருந்தும் வலிப்பு வருவதுண்டு, அதற்கு மருத்துவம் வேறு. வலிப்பு கட்டுக்குள் வரும்வரை அவள் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சாத்தி மட்டும் வைக்கட்டும், அடுப்பருகே தனியாக நிற்க வேண்டாம், லோக்கலில் போனால் வாசலில் நிற்காமல் உள்ளே உட்காரட்டும்.