நெரிசல் மட்டுமா காரணம்? லீட்ஸ் நகரின் முற்றங்கள் சொல்வது

கேள்வி: பதினொன்றாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறேன். “தொழிற்புரட்சியால் நகரங்களில் நெரிசல் மிகுந்து நோய்கள் பரவின” என்று என் குறிப்பில் ஒரே வரிதான் இருக்கிறது. “திருவிழாவிலும்தான் கூட்டம் இருக்கிறது, அங்கே ஏன் அப்படி ஆவதில்லை?” என்று ஒரு மாணவி கேட்டாள். இதை எப்படி விளக்குவது?

பதில்: உங்கள் மாணவி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். திருவிழாக் கூட்டம் இரவில் வீடு திரும்பிவிடும். ஆலை நகரத்தில் அந்தக் கூட்டம் சேர்ந்தது வீட்டுக்குள்ளேயேதான். அந்த வீட்டிலிருந்து கழிவு வெளியேற வழியே இல்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரை எடுத்துக்கொண்டு இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நன்றாக விளக்கினால் போதும்.

முதலில் கரும்பலகையில் ஒரு நீள்சதுரம் வரையுங்கள். நெடுக்கே நடுவில் ஒரு கோடு, பிறகு குறுக்கே பல கோடுகள். ஒவ்வொரு கட்டமும் சுமார் 15 அடி சதுரமுள்ள ஒரு வீடு: கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. பின்சுவரும் இரு பக்கச் சுவர்களும் அடுத்த வீடுகளோடு பொதுச்சுவர். கதவும் சன்னலும் முன்பக்கம் மட்டுமே. “இந்த வீட்டுக்குக் கொல்லை எங்கே?” என்று கேளுங்கள். கொல்லையே கிடையாது. கழிப்பிடம் வெளியே முற்றத்தில், பல குடும்பங்களுக்கும் பொதுவாக இருந்தது.

ஏன் இப்படிக் கட்டினார்கள்? 1801இல் ஏறத்தாழ 53,000 பேர் இருந்த லீட்ஸில் 1831இல் சுமார் 1,23,000 பேர் இருந்தார்கள். விடியும் முன்பே ஆலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர், நடந்து போகும் தூரத்தில்தான் குடியிருக்க முடியும். அதனால் ஆலையை ஒட்டிய நிலத்துக்குக் கிராக்கி ஏறியது. பழைய வீடுகளின் பின்னால் இருந்த தோட்டங்களும் விடுதி முற்றங்களும்கூட வீடுகளால் நிரம்பின. சாக்கடை அமைத்துத்தான் வீடு கட்ட வேண்டும் என்று கட்டுகிறவரை நிர்ப்பந்திக்கும் சட்டம் அப்போது இல்லை. முற்றம் தனியார் சொத்து என்பதால் அதைத் துப்புரவு செய்வது நகரத்தின் பொறுப்பாகவும் கருதப்படவில்லை.

1832 மே 26 அன்று லீட்ஸில் காலராவின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். ஏழை ஐரிஷ் நெசவாளர் குடும்பத்தின் இரண்டு வயதுக் குழந்தை. ப்ளூ பெல் ஃபோல்ட் என்ற, சுமார் 20 வீடுகள் கொண்ட முட்டுச்சந்தில் அவர்கள் இருந்தார்கள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஆலைகளும் சாயப்பட்டறைகளும் கழிவைக் கலந்துவிட்ட நாற்ற ஓடை. அந்த ஆண்டில் நகரில் சுமார் 700 பேர் காலராவில் இறந்தார்கள்.

ராபர்ட் பேக்கர் என்ற அறுவை மருத்துவர், யார் யார் எங்கே நோயுற்றார்கள் என்பதை நகர வரைபடத்தில் குறித்தார். உங்கள் மாணவிக்கான விடை அந்த வரைபடத்தில் இருக்கிறது. குறிகள் நகரெங்கும் ஒரே சீராக விழவில்லை. சாக்கடையும் தளமும் இல்லாத தெருக்களில் அடர்ந்து நின்றன.

அவர் விவரித்த பூட் அண்ட் ஷூ யார்டு என்ற முற்றத்தை வகுப்பில் அவசியம் சொல்லுங்கள். 34 வீடுகளில் 340 பேர், அதாவது வீட்டுக்குப் பத்துப் பேர். காலராக் காலத்தில் அங்கிருந்து 75 வண்டி மலக்கழிவு அள்ளப்பட்டது. பல ஆண்டுகளாக யாரும் தொடாமல் கிடந்த குவியல் அது. மழை பெய்தால் அந்தக் கழிவு மண்ணில் இறங்கும். கிணற்றிலும் ஓடையிலும் கலக்கும். காலராக் கிருமி ஒரு குடும்பத்தின் வயிற்றிலிருந்து அடுத்த குடும்பத்தின் குடிநீருக்கு வந்த வழி இதுதான். பேக்கர் காலத்தவர்கள் துர்நாற்றக் காற்றே நோய் தருகிறது என்று நம்பினார்கள். ஆகவே கழிவை அள்ளினார்கள்; குடிநீரைச் சந்தேகிக்கவில்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை. 1842இல் பொதுச் சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் வெளியிட்ட அறிக்கையில், லீட்ஸ் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 19 என்றும் வசதி படைத்தோரிடையே 44 என்றும் இருக்கிறது. இதைப் படித்ததும் “எல்லோரும் 19 வயதில் இறந்தார்களா!” என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். அப்படியல்ல. கைக்குழந்தைகளும் சிறுபிள்ளைகளும் ஏராளமாக இறந்ததால்தான் சராசரி அவ்வளவு கீழே போனது. ஐந்து வயதைக் கடந்தவர்களில் பலர் நடுவயதையும் தாண்டி வாழ்ந்தார்கள். வேறு நோய்களுக்கு வேறு வழிகள் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காசநோய்க்குக் காற்றோட்டமில்லாத அந்த ஒற்றைச் சன்னல் அறையே போதும். அங்கே நெரிசலுக்கு நேரடிப் பங்கு உண்டு.

இவ்வளவு தெரிந்தும் ஏன் இடிக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் பேக்கரின் குறிப்பிலேயே விடை இருக்கிறது. அதே பூட் அண்ட் ஷூ யார்டுதான், போட்ட முதலுக்கு நகரின் சிறு வீட்டுச் சொத்துகளிலேயே அதிக வருமானம் தருகிறது என்று சொல்லப்பட்டது. கரும்பலகையில் வரைந்த, பின்சுவர் ஒட்டிய வீடுகளைப் புதிதாகக் கட்ட 1909இல் நாடாளுமன்றம் தடை விதித்தது. முன்பே அனுமதி பெற்ற திட்டங்களைக் காட்டி, லீட்ஸில் 1937 வரை அவற்றைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள்.