மூன்லைட் சொனாட்டா பக்கத்துல எந்த இத்தாலியன் சொல்ல தமிழ்ல மாத்தணும்?

"பொண்ணு வேலூர்ல கீபோர்டு கிளாஸ் போறா, பீத்தோவன் மூன்லைட் சொனாட்டா முதல் பக்கத்த போட்டோ எடுத்து வச்சிருக்கேன், இத்தாலியன் எல்லாத்தையும் தமிழ்ல எழுதித் தந்துடவா?"

எல்லாத்தையும் வேணாங்க. பியானிஸிமோ, கிரெஷெண்டோ மாதிரி குறியெல்லாம் அப்படியே விடுங்க, எந்த புக்க எடுத்தாலும் அதேதான் வரும், பொண்ணு அதையே படிச்சிப் பழகட்டும். மேல இருக்கிற 'அடாஜியோ சோஸ்டெனூட்டோ'வையும் அழிக்காம, பக்கத்துல பென்சில்ல "மெதுவா, ஒவ்வொரு நோட்டையும் முழுசா பிடிச்சு"ன்னு எழுதினா போதும்.

கண்டிப்பா மாத்த வேண்டியது அதுக்குக் கீழ நீளமா ஓடுற வாக்கியம் (போட்டோல மேல் ஓரம் கட் ஆயிருக்கான்னு பாருங்க). "இந்த முழு பீஸையும் ரொம்ப மென்மையா, சென்ஸா சோர்டினோவா வாசிக்கணும்"னு அர்த்தம், சிக்கலே அந்த ரெண்டு சொல்லுதான். வயலின்ல அது 'மியூட் போடாம', அதையே நானும் காட்பாடில ஒரு பையனுக்கு எழுதிக் குடுத்து அவன் எந்த பட்டன்னு தேடினான். பியானோல சோர்டினோ கம்பிய அமுக்கி சத்தத்த நிறுத்துற டேம்பர், அது இல்லாமன்னா வலது பெடல மிதிச்சின்னு எழுதணும்.

ஆனா பீத்தோவன் காலத்து பியானோல சத்தம் சீக்கிரம் அடங்கிடும், இப்ப பெடல எடுக்காமலே வாசிச்சா இடது கை பேஸ் நோட்டெல்லாம் கொழகொழன்னு கலந்துடும், அதனால "கார்டு மாறும்போது பெடல மாத்து"ன்னு சேத்து எழுதுங்க. கீபோர்டுல அந்த வலது பெடல் வேலைய செய்யற சஸ்டெயின் பெடல் இல்லன்னா தனியா வாங்கி மாட்டணும்.