ரோமிங் பேக்கை நிறுத்தச் சொல்லுங்கள், ரோமிங்கை அல்ல

கேள்வி: வணக்கம் சார். ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். ஊர் போஸ்ட்பெய்ட் நம்பரை பேங்க் ஓடிபிக்காக வைத்திருக்கிறேன். மார்ச் 2-ம் தேதி கிளம்பும்போது 30 நாள் இன்டர்நேஷனல் பேக் (ரூ.2,999) போட்டேன். அது தானாகவே திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே வருகிறது. மாதம் 530 ரூபாய் வர வேண்டிய பில் 4,069 வருகிறது, மே மாத பில் மட்டும் 7,607. மே 9 அன்று சாட்டில் நிறுத்தச் சொன்னேன், ரிக்வெஸ்ட் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்கள், ஆனால் நிறுத்தவில்லை. "என் நம்பரில் உள்ள இன்டர்நேஷனல் சர்வீஸை உடனே நிறுத்தவும், இல்லையென்றால் ஆட்டோ டெபிட்டை கட் செய்வேன்" என்று மெயில் அனுப்பப் போகிறேன். சரியா? – ராமநாதபுரம் வாசகர்

பதில்: அந்த மெயிலை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். "இன்டர்நேஷனல் சர்வீஸ்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் ஆபத்து. கம்பெனிக்காரர்களைப் பொறுத்தவரை ரோமிங் வசதி வேறு, அதன் மேல் நீங்கள் வாங்கிய பேக் வேறு. சர்வீஸை நிறுத்து என்று எழுதினால் கவுன்டரில் இருப்பவர் ரோமிங்கையே அணைத்துவிடுவார், அப்புறம் ஷார்ஜாவில் உங்கள் சிம் சிக்னலே பிடிக்காது, ஓடிபி வராது. திரும்ப ஆன் செய்யலாம் என்று ஆப்பைத் திறந்தால் அது லாகின் செய்ய அதே நம்பருக்கு ஓடிபி அனுப்பும்! இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு, ஓடிபிக்காகவே லீவு போட்டு ஊருக்கு வந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர் உண்டு.

முதலில் ஆப்பில் ரோமிங் பகுதிக்குப் போய், ஓடிக்கொண்டிருக்கும் பேக்கைத் திறந்து, தானியங்கிப் புதுப்பிப்பு என்று ஏதாவது சுவிட்ச் இருந்தால் அணைத்துவிட்டு, தேதி நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் இல்லாவிட்டாலும் அந்தப் பக்கத்தை எடுத்து வையுங்கள், உங்களுக்கு நிறுத்த வழியே கொடுக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

மே மாதம் ஏன் இரண்டு மடங்கு வந்தது என்று குழம்பியிருப்பீர்கள். பேக் 30 நாள், மாதம் 31 நாள், அவ்வளவுதான் விஷயம். மார்ச் 2-ல் போட்டது ஏப்ரல் 1, மே 1, மே 31, ஜூன் 30, ஜூலை 30 என்று புதுப்பித்திருக்கிறது. மே 1-ம் 31-ம் ஒரே பில்லில் விழுந்துவிட்டன. 2,999-உடன் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ஒரு தடவைக்கு 3,538.82. ஐந்து தடவைக்கு 17,694 ரூபாய் போயிருக்கிறது. அடுத்த புதுப்பிப்பு ஆகஸ்ட் 29. அதற்கு இரண்டு நாள் முன்னாடியே கடிதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

இதில் எவ்வளவு திரும்பக் கேட்கலாம்? என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். ஏப்ரல் 1, மே 1 இரண்டும் கொஞ்சம் பலவீனம்தான், ஏனென்றால் பேக் வாங்கும்போது எங்கேயோ ஒரு டிக் இருந்தது, நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள் என்பார்கள். ஆனால் மே 9-ல் நிறுத்தச் சொன்ன பிறகு போட்ட மூன்றும், அதாவது 10,616 ரூபாய், உங்கள் பணம். அதை உறுதியாகக் கேளுங்கள். முதல் இரண்டுக்கு, எந்தத் தேதியில் எந்த வழியில் என் சம்மதம் வாங்கினீர்கள், பதிவைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டால் போதும். பில்லில் அந்த நாட்களின் பயன்பாட்டையும் பாருங்கள், டேட்டா சுழியம் என்றால் அதையும் ஒரு வரியில் சேருங்கள்.

கடிதம் இப்படி இருக்கட்டும், ஆங்கிலத்தில் மாற்றி, கம்பெனியில் பதிவான அதே மெயில் ஐடியிலிருந்து அனுப்புங்கள் (வேறு ஐடியிலிருந்து போனால் பதிவான ஐடியிலிருந்து எழுதுங்கள் என்று திருப்பிவிட்டு ஒரு வாரத்தைக் கடத்துவார்கள்):

"எனது எண்ணில் 2.3.2025 அன்று வாங்கிய 30 நாள் ரோமிங் பேக்கின் தானியங்கிப் புதுப்பிப்பை மட்டும் ரத்து செய்யவும். எண்ணும், அடிப்படைத் திட்டமும், ரோமிங் வசதியும் தொடர வேண்டும். வெளிநாட்டில் மொபைல் டேட்டாவை மட்டும் தடை செய்யவும். 9.5.2025 அன்று சாட் மூலம் இதே கோரிக்கை வைத்தேன், நகல் இணைத்துள்ளேன். அதன் பிறகு மே 31, ஜூன் 30, ஜூலை 30 ஆகிய தேதிகளில் பிடித்த ரூ.10,616.46-ஐத் திருப்பித் தரவும். முந்தைய இரண்டு புதுப்பிப்புகளுக்கு நான் தந்த சம்மதத்தின் பதிவை அனுப்பவும். புகார் எண்ணைத் தெரிவிக்கவும்."

டேட்டா தடையை ஏன் சேர்த்தேன் என்றால், பேக் இல்லாத சிம்மில் டேட்டா ஆன் ஆகிவிட்டால் சாதாரண ரோமிங் கட்டணம் ஓடும், அது பேக்கை விட மோசம். போனிலும் அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். உள்ளே வரும் எஸ்எம்எஸ் பொதுவாக இலவசம், ஆனால் யாராவது கூப்பிட்டு நீங்கள் எடுத்தால் நிமிடத்துக்குக் காசு. எடுக்காமல் வாட்ஸ்அப்பில் பதில் சொல்லுங்கள்.

இப்போது ஆட்டோ டெபிட். அதை கட் செய்தால் பேக் நிற்காது, பில் மட்டும் கட்டப்படாமல் நிற்கும். பில் நின்றால் நம்பரை முடக்குவார்கள், வசூல் ஏஜென்சியிலிருந்து வீட்டுக்குப் போன் வரும், ஊரில் அம்மா பதறுவார். அதற்குப் பதிலாக பேங்க் ஆப்பில், ஆட்டோ டெபிட்டுக்கு நீங்கள் கொடுத்த அனுமதியான மேண்டேட்டின் உச்சவரம்பை 1,000 ரூபாய்க்குக் குறையுங்கள். 530 ரூபாய் பில் வழக்கம்போல் போகும், 4,069 வந்தால் தானாக எடுக்க முடியாது. ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000-க்குள் இருக்கும் தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை, அதனால்தான் 7,607-ம் சத்தமில்லாமல் போனது. ஆனால் பிடிக்கக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தொகையோடு தகவல் அனுப்பியாக வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ உங்களுக்கும் வந்திருக்கும், விளம்பரம் என்று தள்ளிவிட்டிருப்பீர்கள்.

மெயிலுக்குப் புகார் எண் வரவில்லையென்றால் ஆப்பிலேயே புகார் பதிந்து எண் வாங்குங்கள். புகார் சொல்ல 198-க்குக் கூப்பிடுவது ஷார்ஜாவிலிருந்து வேலைக்காகாது. பதில் திருப்தியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், இணையதளத்தில் முகவரி இருக்கும், கட்டணம் இல்லை, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு நேராக எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள், அது தனிநபர் புகாரை எடுப்பதில்லை. அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புப் புகார்களை அங்கே கொண்டு போகலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சேர்வது எளிது, விலகுவது கடினம் என்று சந்தாவை அமைப்பதை 2023-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் ஏமாற்று முறை என்றே பட்டியலிட்டிருக்கிறது. மேல்முறையீட்டில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 30 காலையில் ஆப்பைத் திறந்து, இன்னும் பில் ஆகாத தொகை எவ்வளவு என்று பாருங்கள். 2,999 அங்கே தெரிந்தால் செப்டம்பர் பில்லுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே, அதே புகார் எண்ணைப் போட்டு, ஸ்கிரீன்ஷாட்டோடு அடுத்த மெயிலைத் தட்டிவிடுங்கள்.