கர்சருக்கு மாறிய பிறகும் காணாமல் போன 300 பதிவுகள்

கேள்வி: LIMIT, OFFSET போட்டு பக்கம் பக்கமாக டேட்டா எடுக்கிறேன். சில ரெக்கார்டு இரண்டு முறை வருகிறது, சில வரவே இல்லை. கர்சருக்கு மாறினால் சரியாகிவிடுமா?

சரியாகும், ஆனால் கர்சரில், அதாவது அடுத்த பக்கம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று காட்டும் அடையாளத்தில், எதை வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. இதே காரணத்துக்காக நானும் மாறினேன். மாறிய பிறகு நிலைமை முன்பைவிட மோசமானது. நீங்களும் இந்நேரம் `created_at`-ஐக் கர்சராக வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஆஃப்செட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பக்கத்துக்கு 3 பதிவு, புதியது மேலே. முதல் பக்கத்தில் 9, 8, 7 வந்தது. நீங்கள் இரண்டாம் பக்கம் கேட்பதற்குள் 10 என்று ஒரு பதிவு புதிதாகச் சேர்ந்துவிட்டது. இப்போது வரிசை 10, 9, 8, 7, 6, 5. `OFFSET 3` என்றால் முதல் மூன்றை எண்ணித் தள்ளிவிட்டு 7, 6, 5 வரும். 7 இரண்டாம் முறை வந்துவிட்டது. புதிதாக எதுவும் சேராமல் 8 அழிக்கப்பட்டிருந்தால்? வரிசை 9, 7, 6, 5, 4, 3. மூன்றைத் தள்ளினால் 5, 4, 3 வரும். 6 எந்தப் பக்கத்திலும் வராது. ஆஃப்செட்டுக்குத் தெரிந்தது எத்தனை வரியைத் தள்ள வேண்டும் என்ற எண்ணிக்கை மட்டும்தான். நீங்கள் எந்த வரிகளை ஏற்கெனவே பார்த்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

இரண்டு பக்கத்தையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் வைத்து ஸ்னாப்ஷாட் எடுத்தால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். ஒரே கனெக்ஷனில் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் என்றால் சரிதான், மறுக்கவில்லை. ஏபிஐ என்றால் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கோரிக்கையாக வரும். அடுத்த பக்கத்தை எதிர்முனை ஒரு நிமிடம் கழித்தும் கேட்கலாம், கேட்காமலே போகலாம். அதுவரை டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்திருக்க முடியாது.

இனி என் கதை. எங்கள் சர்வீஸில் பணம் செலுத்திய பதிவுகள் இருந்தன. இன்னொரு நிறுவனத்தின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு இரவும் எங்கள் ஏபிஐ-யிலிருந்து பக்கத்துக்கு 100 பதிவாக, புதியதிலிருந்து பழையது நோக்கி, முந்தைய நாள் வரை எடுத்துக்கொள்ளும். ஆஃப்செட்டில் இருந்தவரை பதிவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று புகார் வந்துகொண்டே இருந்தது. அவர்கள் பக்கம் யூனிக் கட்டுப்பாடு போட்டிருந்ததால், ஒரு பதிவு மறுபடி வந்தால் உடனே எரர் விழும். அதனால்தான் எங்களுக்கும் விஷயம் தெரிந்தது. கர்சர் எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் எழுதியது இதுதான்:

```sql
SELECT * FROM payments
WHERE created_at < $1
ORDER BY created_at DESC
LIMIT 100;
```

கடைசி வரியின் `created_at` அடுத்த பக்கத்துக்கு `$1` ஆகப் போகும். புகார் நின்றுவிட்டது. வேலை முடிந்தது என்றுதான் நானும் நம்பினேன்.

மூன்றாம் வாரம் எங்கள் டெஸ்டர் ஒரு டிக்கெட் போட்டார். ஒரு கோப்பிலிருந்து 340 பதிவுகள் ஏற்றப்பட்டன, எதிர்முனையில் 40 மட்டுமே இருக்கின்றன என்று எழுதியிருந்தார். வேறு ஒருவர் அதைத் தன் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மூடிவிட்டார். டெஸ்டர் மறுபடி திறந்தார்.

நடந்தது என்னவென்றால், அந்த 340 பதிவும் ஒரே டிரான்சாக்ஷனில் ஏறியவை. போஸ்ட்கிரெஸில் `now()` என்பது டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரத்தைத்தான் தரும், ஒவ்வொரு வரியும் எழுதப்பட்ட நேரத்தை அல்ல. ஆகவே 340 பதிவுக்கும் `created_at` நூலிழைகூட மாறாமல் ஒன்றுதான். முதல் பக்கத்தில் அதைவிடப் புதிய பதிவுகள் 60 இருந்தன. மீதி 40 இடம் இந்தக் கோப்பின் பதிவுகளுக்குக் கிடைத்தது. நூறாவது வரியின் நேரம் கர்சராகப் போனது. அடுத்த பக்கம் அந்த நேரத்துக்கு *முன்* உள்ளவற்றை மட்டும் கேட்டது. அதே நேரத்தில் மிச்சமிருந்த 300 பதிவுகள் எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டன. `<` என்பதை `<=` ஆக மாற்றினால் தீராதா என்று கேட்பீர்கள். தீராது. ஒரே நேரத்தில் 340 இருக்கும்போது, அதே முதல் நூறு திரும்பத் திரும்ப வந்து லூப் முடியவே முடியாது.

ஒரு பதிவு இரண்டு முறை வந்தால் யாராவது கத்துவார்கள். வராமல் போனால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் என் கர்சர் பழைய ஆஃப்செட்டைவிட மோசமானது என்று மேலே சொன்னேன்.

திருத்தம் எளிது. வரிசைப்படுத்தும் சாவி ஒவ்வொரு வரிக்கும் தனித்ததாக இருக்க வேண்டும். நேரம் ஒன்றாக இருந்தால் `id` முடிவு செய்யட்டும்:

```sql
SELECT * FROM payments
WHERE (created_at, id) < ($1, $2)
ORDER BY created_at DESC, id DESC
LIMIT 100;
```

இதற்கு `(created_at, id)` மீது ஒரே இண்டெக்ஸ் வேண்டும். இரண்டு நெடுவரிசையும் ஒரே திசையில் ஓடினால்தான் இந்த அடைப்புக்குறி ஒப்பீடு செல்லும். ஒன்று ஏறுமுகம், மற்றது இறங்குமுகம் என்றால் `OR` போட்டு விரித்து எழுதுங்கள். நீங்கள் ஆஃப்செட்டிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றாலும் `ORDER BY`-யில் `id`-யைச் சேர்த்துவிடுங்கள். சமமான மதிப்புள்ள வரிகளை எந்த வரிசையில் தருவது என்பதற்கு டேட்டாபேஸ் எந்த உறுதியும் தருவதில்லை. அதனால் டேட்டாவில் ஒன்றுமே மாறாதபோதும் பக்கங்களுக்கிடையே பதிவுகள் இடம் மாறலாம்.

இதைப் போட்டு, டெஸ்ட் எழுதி, எல்லாம் பச்சையாக வந்தது. சர்வரில் ஏற்றினோம். அன்றிரவும் ஒரு பெரிய கோப்பு ஏறியது. அதில் முதல் பக்கத்துக்குள் வந்தவை போக மற்றவை மறுபடியும் காணோம். அந்தக் காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. குவெரியைக் கையால் ஓட்டினால் சரியாக வருகிறது. ஏபிஐ வழியாக ஓட்டினால் வரவில்லை.

போஸ்ட்கிரெஸ் நேரத்தை மைக்ரோசெகண்ட் வரை, அதாவது புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரை வைத்திருக்கும். எங்கள் ஏபிஐ ஜாவாஸ்கிரிப்டில் இருந்தது. அங்கே `Date` மில்லிசெகண்டோடு, மூன்று இலக்கத்தோடு நின்றுவிடும். டேட்டாபேஸில் `10:15:30.123456` என்று இருந்தது, கர்சராகத் திரும்பி வரும்போது `10:15:30.123` ஆகிவிட்டது. இந்த மதிப்பைவிடச் சிறியது எது என்று கேட்டால், `.123456`-இல் இருக்கும் மிச்சப் பதிவுகள் எல்லாமே அதைவிடப் பெரியவை. நேரமே சமமாக இல்லாததால் `id` ஒப்பீட்டுக்கு வேலையே வரவில்லை. ஏறுமுகமாகப் படித்திருந்தால் இதே பிழை எதிர்த்திசையில் வந்திருக்கும், கடைசி வரி அடுத்த பக்கத்தில் மறுபடி வரும். என் டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? நான் கையால் எழுதிய நேரங்கள் எல்லாம் `10:15:00` போல முழு விநாடிகள். வெட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

கர்சருக்கான நேரத்தை டேட்டாபேஸிலிருந்தே எழுத்தாக, `created_at::text` என்று எடுத்து, இடையில் யாரும் தொடாமல் அப்படியே திருப்பி அனுப்பினோம். அதோடு தீர்ந்தது.

உங்கள் டேபிளில் இந்த ஆபத்து இருக்கிறதா என்று இப்போதே பார்க்கலாம்:

```sql
SELECT created_at, count(*)
FROM payments
GROUP BY created_at
HAVING count(*) > 1
ORDER BY count(*) DESC;
```

ஒரு வரி வந்தாலும் `created_at` தனியாகக் கர்சராக முடியாது. டெஸ்ட் எழுதும்போது ஐந்து பதிவுக்கும் ஒரே நேரத்தை, ஆறு இலக்கத்தோடு கொடுங்கள். பக்க அளவை 2 ஆக வையுங்கள். ஏபிஐ வழியாகக் கடைசிப் பக்கம் வரை போய், கிடைத்த `id`-களை டேபிளோடு ஒப்பிடுங்கள். என் இரண்டு பிழைகளும் இந்த ஒரே டெஸ்டில் சிக்கியிருக்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரண்டு முறையும் இதைக் கண்டுபிடித்தவர் அந்த டெஸ்டர். கோப்பில் உள்ள எண்ணிக்கையையும் எதிர்முனையில் உள்ள எண்ணிக்கையையும் தினமும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர் மட்டும்தான். கூட்டத்தில் பாராட்டு எனக்குக் கிடைத்தது. நடக்கவில்லை என்று டிக்கெட்டை மூடியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அங்கேயே எழுந்து டெஸ்டரின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இன்றும் அது உறுத்துகிறது. உங்கள் குழுவில் யாராவது எண்ணிக்கை இடிக்கிறது என்று சொன்னால், உங்கள் கணினியில் சரியாக ஓடுகிறது என்று பதில் சொல்லாதீர்கள்.

ஆஃப்செட் தவறு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனிதர்கள் பார்க்கும் திரை, 7-ஆம் பக்கத்துக்கு நேராகத் தாவ வேண்டும், டேபிளும் சிறியது என்றால் ஆஃப்செட்டே போதும். கர்சரால் பக்க எண்ணுக்குத் தாவ முடியாது. ஒரு பதிவு இரண்டு முறை கண்ணில் பட்டால் அங்கே நஷ்டமும் இல்லை.

ஒரு இடத்தில் மேலே சொன்ன திருத்தமும் உதவாது. நீங்கள் `updated_at` படி வரிசைப்படுத்தினால், நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது திருத்திய பதிவு வரிசையில் இடம் மாறிவிடும். புதியது மேலே என்று படிக்கும்போது, இன்னும் உங்கள் கைக்கு வராத ஒரு பழைய பதிவைத் திருத்தினால் அது நீங்கள் கடந்துவிட்ட மேல்பகுதிக்குப் போய்விடும், அந்த ஓட்டத்தில் வராது. `updated_at` வேண்டும் என்றால் பழையதிலிருந்து புதியது நோக்கிப் படியுங்கள். அப்போது திருத்திய பதிவு முன்னே போய் இன்னொரு முறை வரும். வாங்குபவர் `id`-யைப் பார்த்துப் பழையதன் மேல் எழுதிக்கொள்ளலாம்.