பக்கத்துக்கு இவ்வளவு, தாளுக்கு இவ்வளவு, புத்தகத்துக்கு இவ்வளவு: கையேட்டு அச்சு விலையை ஒப்பிடுவது எப்படி?

கேள்வி: பயிற்சி வகுப்புக்கு 300 கையேடு அச்சடிக்க வேண்டும். ஏ5 அளவு, உள்ளே 40 பக்கம், அதில் 6 பக்கம் மட்டும் கலர், அட்டை தனி. மூன்று கடையில் விலை கேட்டேன். ஒருவர் பக்கத்துக்கு இவ்வளவு என்கிறார், ஒருவர் தாளுக்கு, இன்னொருவர் புத்தகத்துக்கு. எது மலிவு என்றே புரியவில்லை. பேப்பரையும் பைண்டிங்கையும் மாற்றினால் குறையுமா?

பதில்: மூன்று கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கொரு அளவுகோலில் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் மெஷின் எண்ணும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் ஒப்பிடலாம். டிஜிட்டல் பிரிண்டரும் ஜெராக்ஸ் மெஷினும் எண்ணுவது உங்கள் பக்கத்தை அல்ல, ஏ4 தாளின் ஒரு முகத்தை. ஒரு முகம் அச்சானால் கவுண்டர் ஒன்று கூடும். கடைக்காரர் மெஷின் பராமரிப்புக்குக் கொடுக்கும் கட்டணமும் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான். அதனால்தான் கலருக்கு ஒரு விலை, கருப்புக்கு ஒரு விலை.

ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5 அளவில் நான்கு பக்கம் கிடைக்கும். ஆக உங்கள் 40 பக்கம் என்பது 10 ஏ4 தாள், 20 முகம். "பக்கத்துக்கு இவ்வளவு" என்பவரிடம், அந்தப் பக்கம் ஏ5 பக்கமா ஏ4 முகமா என்று முதலில் கேளுங்கள். 40-ஆல் பெருக்குவதா 20-ஆல் பெருக்குவதா என்பதிலேயே விலை இரட்டிப்பாகிவிடும். தாளுக்கு விலை சொல்பவரிடம், இரண்டு முகமும் சேர்த்தா, பேப்பர் விலையும் அதில் அடக்கமா என்று கேட்க வேண்டும். புத்தகத்துக்கு ஒரே விலை சொல்பவரிடம், எத்தனை முகத்தைக் கலராக எடுத்துக்கொண்டார் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம். ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால், ஒரு கருப்பு முகத்தின் விலையை 1 அலகு என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக, கலர் முகம் 6 அலகு, சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை, அதாவது 80 ஜிஎஸ்எம் உள்ள ஏ4 தாள் 1 அலகு, கலர் அட்டை 12, நடுவில் மடித்துப் பின் அடிக்கும் கூலி 3 அலகு. உங்களுக்குக் கிடைத்த விலைகளை இதே இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

நடுப்பின் புத்தகத்தில் ஏ4 தாளின் ஒரு முகத்தில் அடுத்தடுத்த பக்கங்கள் வராது. 40 பக்கம் என்றால், ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்க எண்களையும் கூட்டினால் 41 வரும். 1-ம் பக்கத்தோடு 40, 8-ம் பக்கத்தோடு 33, நட்டநடுவில் 20-ம் 21-ம். இதில்தான் கலர் செலவு ஒளிந்திருக்கிறது. ஒரு முகத்தில் ஒரு பக்கம் கலராக இருந்தாலே முழு முகமும் கலர் கணக்கில் போகும். ஜோடிப் பக்கம் வெறும் கருப்பு எழுத்தாக இருந்தாலும் அதே 6 அலகுதான்.

உங்கள் கலர் பக்கங்கள் 3, 8, 14, 19, 25, 30 என்று சிதறியிருக்கின்றன என்று வைப்போம். ஜோடிகள் 38, 33, 27, 22, 16, 11. ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை. ஆறு முகம் கலர், பதினான்கு முகம் கருப்பு: 36 + 14 = 50 அலகு. தாள் 10, அட்டை 12, பின் 3 சேர்த்தால் புத்தகம் ஒன்றுக்கு 75 அலகு.

அதே ஆறு கலர் பக்கங்களையும் 18 முதல் 23 வரை நடுவில் தொகுத்தால், 18-23, 19-22, 20-21 என்று ஜோடி சேர்ந்துவிடும். கலர் முகம் மூன்றே மூன்று. 18 + 17 = 35 அலகு. மற்றதெல்லாம் அப்படியே, மொத்தம் 60. பக்கங்களை நகர்த்தியதிலேயே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. 300 பிரதிக்கு 22,500 அலகு 18,000 ஆகிறது. எந்தக் கடையிலும் பேரம் பேசி இவ்வளவு குறைப்பது கஷ்டம். இன்னொரு லாபமும் உண்டு: கலர் இருப்பது பத்துத் தாளில் நடு இரண்டில் மட்டும். அந்த இரண்டைக் கலர் மெஷினிலும் மற்ற எட்டைக் கருப்பு மெஷினிலும் ஓட்டலாம். கலர் மெஷினிலேயே ஓடும் கருப்பு முகத்துக்குச் சில கடைகள் கூடுதலாக வாங்குவார்கள் என்பதால் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

பாடத்தின் ஓட்டத்துக்கு நடுவில் தொகுப்பது ஒத்துவராதா? அப்போதும் 41 கணக்கை வைத்து ஜோடியாக இடம் தேடலாம். 9-ல் ஒரு கலர் படம் வந்தால், 32-ம் பக்கமும் கலர் முகத்தில்தான் இருக்கிறது. அங்கே இன்னொரு கலர் படம் வைத்தால் கூடுதல் செலவே இல்லை. ஒன்று நினைவிருக்கட்டும்: அட்டையையும் பக்க எண்ணில் சேர்த்து எண்ணினால் மொத்தம் 44, கூட்டுத்தொகை 45 ஆகிவிடும்.

இந்தக் கணக்கையெல்லாம் கவிழ்ப்பது ஒரு சின்ன விஷயம். கருப்பு என்று நீங்கள் நினைக்கும் பக்கத்தில் நீல நிற இணைய முகவரி ஒன்று, கலர் பக்க எண், கலராக ஸ்கேன் செய்த பழைய படம், இவற்றில் ஒன்று இருந்தால் போதும், மெஷின் அதைக் கலராக எண்ணும். எல்லாப் பக்கத்திலும் கலர் லோகோ இருந்தால் 20 முகமும் கலர்: 120 + 25 = 145 அலகு. புத்தக விலை இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். பிடிஎஃப் கோப்பை Acrobat Pro-வில் திறந்து Output Preview-வில் Black என்பதை மட்டும் அணைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஏதாவது மிச்சம் தெரிந்தால் அதில் கலர் இருக்க வாய்ப்புண்டு. அந்தப் பக்கங்களைக் கிரேஸ்கேலாக மாற்றிவிட்டு, எந்தெந்தப் பக்கம் கலர் என்று எழுதியும் கொடுங்கள்.

பைண்டிங்கை மாற்றினால் மேலே சொன்ன ஜோடிக் கணக்கே மாறிவிடும். ஸ்பைரலில் ஏடுகள் தனித்தனி. கடைக்காரர் ஒரே பக்கத்தை ஒரு ஏ4 முகத்தில் இரண்டு முறை வைத்து அச்சடித்து நடுவில் வெட்டினால் இரண்டு புத்தகம் ஒரே நேரத்தில் வந்துவிடும். கலர் பக்கம் எங்கே சிதறியிருந்தாலும் ஒரு முகத்தை இரண்டு புத்தகம் பகிர்ந்துகொள்கிறது. ஆறு பக்கத்துக்குப் புத்தகம் ஒன்றுக்கு மூன்று முகம்தான். ஆனால் ஸ்பைரல் கூலி அதிகம். அதை 15 அலகு என்று எடுத்தால் 35 + 10 + 12 + 15 = 72. சிதறிய நடுப்பின் புத்தகத்தைவிட மூன்று அலகு மலிவு, தொகுத்ததைவிடப் பன்னிரண்டு அதிகம். கலர் பக்கங்களை நகர்த்தவே முடியாது, புத்தகம் மேசையில் தட்டையாக விரிந்திருக்க வேண்டும் என்றால் ஸ்பைரல் நியாயமான தேர்வு. விலைக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

பெர்ஃபெக்ட் பைண்டிங் எனும் பசை ஒட்டு உங்களுக்குப் பொருந்தாது. 80 ஜிஎஸ்எம் தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். இருபது ஏடு சேர்ந்தால் 2 மில்லிமீட்டர்தான். பசை பிடிக்கவே அந்த முதுகு போதாது, ஏடுகள் சீக்கிரம் கழன்றுவரும். உள்பக்கம் 80-ஐத் தாண்டும்போது அதை யோசிக்கலாம். அந்த அளவில்தான் நடுப்பின் புத்தகம் உப்பிக்கொண்டு மூடாமல் நிற்க ஆரம்பிக்கும்.

பேப்பர் விஷயத்தில் நிறையப் பேர் தவறான இடத்தில் சிக்கனம் பிடிக்கிறார்கள். மேலே உள்ள 60 அலகில் தாள் வெறும் 10. 80-லிருந்து 70 ஜிஎஸ்எம்முக்கு இறங்கினால் மிச்சம் ஒன்றேகால் அலகு, இரண்டு சதவீதம் சொச்சம். பதிலுக்கு, கலர் படத்தின் நிழல் பின்பக்க எழுத்தில் தெரியும். 100 ஜிஎஸ்எம்முக்கு ஏறினாலும் கூடுவது இரண்டரை அலகுதான். என் யோசனை: கருப்பு எட்டுத் தாளுக்கு 80, கலர் வரும் நடு இரண்டு தாளுக்கு மட்டும் 100. கூடுதல் செலவு அரை அலகு. அட்டைக்கு 200 முதல் 250 ஜிஎஸ்எம் போதும். ஆனால் மடிக்கும் முன், மடிப்புக் கோட்டில் பள்ளமாக அழுத்தும் கிரீசிங் போடுகிறார்களா என்று கேளுங்கள். கிரீசிங் இல்லாமல் மடித்தால் முதுகில் டோனர் விரிசல் விட்டு வெள்ளைக் கோடு தெரியும். தடித்த தாளுக்கு மெஷின் வேகம் குறைவதால் சில கடைகளில் முகத்தின் விலையும் அடுத்த படிக்கு ஏறும். அட்டை விலையில் வித்தியாசம் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஒரு அச்சுப் பிரதியைக் கொடுத்து ஜெராக்ஸ் எடுத்தால் குறையுமா என்றும் தோன்றலாம். பெரும்பாலும் பிரிண்ட்டும் ஜெராக்ஸும் அதே மெஷின்தான், அதே கவுண்டர்தான். கோப்பாகக் கொடுத்தால் படத்தின் சாம்பல் நிறம் கெடாது. எனவே கோப்பாகவே கொடுங்கள்.

ஆஃப்செட் விலையும் கிடைத்திருந்தால் அதை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: பிளேட், மெஷின் தயாரிப்பு எனப் பிரதி எண்ணிக்கையால் மாறாத செலவு எவ்வளவு, அதற்குமேல் பிரதிக்கு எவ்வளவு. மாறாத செலவு 21,000 அலகு, பிரதிக்கு 20 என்று சொன்னால், டிஜிட்டலின் 60-க்கும் இதற்கும் பிரதிக்கு 40 அலகு வித்தியாசம். 21,000-ஐ 40-ஆல் வகுத்தால் 525. அதற்குக் கீழே டிஜிட்டல், அதற்கு மேலே ஆஃப்செட். உங்கள் 300-க்கு இந்தக் கணக்கில் டிஜிட்டல்தான். அடுத்த வருடமும் மாறாத பாடம் என்றால் 600-ஆக ஒரே தடவை அடிப்பதை யோசிக்கலாம், திருத்தம் வரும் பாடத்தில் அந்த மிச்சம் குப்பைக்குத்தான் போகும்.

ஆர்டரை உறுதி செய்யும் முன் ஒரே ஒரு புத்தகம் மாதிரிக்கு அடித்துத் தரச் சொல்லுங்கள். அச்சுக்கு முன்னும் பின்னும் கலர் கவுண்டர் எண்ணைக் குறித்தால், உள்பக்கத்துக்கு மூன்றும் அட்டைக்கு ஒன்றும் சேர்த்து நான்குதான் கூடியிருக்க வேண்டும். அட்டையின் உள்முகத்திலும் கலர் இருந்தால் ஐந்து. அதைவிடக் கூடியிருந்தால் கருப்புப் பக்கம் ஏதோ ஒன்றில் கலர் ஒளிந்திருக்கிறது. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம், 70 என்றால் 4.4 கிராம். கடைக்காரர் பயன்படுத்தப்போகும் கட்டிலிருந்து 100 வெற்றுத் தாளைச் சமையலறைத் தராசில் வைத்தால் 500 கிராமா 437 கிராமா என்பதிலேயே எந்தப் பேப்பர் என்று தெரிந்துவிடும்.