ஜெர்சி முதுகில் ஒரு வரி

கேள்வி: குளச்சல் பக்கம் எங்கள் ஊர்க் கால்பந்துக் குழுவுக்கு ஜெர்சி அடிக்கிறோம். முதுகில் "வென் த கோயிங் கெட்ஸ் டஃப், த டஃப் கெட் கோயிங்" என்பதைத் தமிழில் போடணும். "போவது கடினமாகும்போது, கடினமானவர்கள் போகத் தொடங்குகிறார்கள்" என்று எழுதினோம், எங்களுக்கே ஒட்டவில்லை. எப்படி எழுதலாம்?

நாகர்கோவிலில் ப்ளெக்ஸ், ஜெர்சி கடைகளுக்கு வாசகம் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. நீங்கள் எழுதிய வரியைப் பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் வாசித்துக் காட்டினேன். "அப்போ ஆட்டம் இறுகினா ஓடிப் போயிருவானுவன்னா சொல்லுகிய?" என்றார். அவர் புரிந்துகொண்டது சரிதான். தமிழில் ஒருத்தன் போகத் தொடங்கினால் இடத்தைக் காலி செய்கிறான் என்றுதான் பொருள். கடினமானவன் என்றால் ஈவு இரக்கம் இல்லாதவன். ஆக, கல்நெஞ்சக்காரர்கள் களத்தை விட்டு ஓடுகிறார்கள் என்று முதுகில் எழுதியிருக்கிறீர்கள்!

இன்னொரு சிக்கல் வினைமுற்றில் இருக்கிறது. "தொடங்குகிறார்கள்" என்று முடித்தால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். என்றைக்கும் பொருந்துகிற பேச்சுக்குத் தமிழில் "-உம்" முடிவுதான் வாகு. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்கிறோம், நகர்கிறது என்று சொல்வதில்லை. முன்பாதியிலும் "ஆகும்போது" வேண்டாம். "-ஆல்" போடலாம், அல்லது வினையை இரட்டித்து "ஆக ஆக" என்று சொல்லலாம்.

இனி ஆங்கில வரியை மறந்துவிட்டு, அதன் கருத்தை வாய்ப்பேச்சில் சொல்லிப் பாருங்கள்: நிலைமை மோசமாக ஆக, உறுதியான ஆள் இன்னும் மும்முரமாக இறங்கி வேலை பார்ப்பான். கருத்து இவ்வளவுதான். ஆனால் ஜெர்சிக்கு இது சப்பென்று இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள் இடம் மாறி மறுபடி வருவதில்தான் அதன் சுவை. அந்தச் சொற்களைக் கொண்டுவர முடியாது, அந்த விளையாட்டைக் கொண்டுவரலாம்.

வள்ளுவர் அதையே செய்திருக்கிறார். இடுக்கண் அழியாமை அதிகாரத்தில், 623-ஆம் குறள்:

இடும்பைக்கு இடும்பை படுப்பர் இடும்பைக்கு
இடும்பை படாஅ தவர்.

துன்பத்துக்குக் கலங்காதவர் அந்தத் துன்பத்துக்கே துன்பம் கொடுத்துவிடுவார். உங்கள் ஆங்கில வரியின் கருத்தும் அதே, சொல் புரட்டும் அதே. இங்கே ஒரே சொல் நாலு தடவை வருகிறது. இடுக்கண் வருங்கால் நகுக என்று தொடங்கும் குறளைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். ஆனால் அது சிரிக்கச் சொல்கிறது, உங்களுக்கு வேண்டியது இறங்கி ஆடுகிற வரி. பழமொழிகளிலும் இதே கவனம் வேண்டும். "தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன" என்பது நெருக்கடியைப் பேசினாலும், அதில் இருப்பது கைவிட்டவனின் குரல்.

623-ஐ அப்படியே போட்டால் அழகுதான். ஆனால் "இடும்பை" இன்றைய பையன்களுக்குப் புரியாது, பலருக்கு "இடும்பு" என்றுதான் காதில் விழும். "தொல்லைக்கே தொல்லை கொடு" என்று இன்றைய தமிழுக்குக் கொண்டுவரலாம். எனக்குப் பிடித்த வரி. ஆனால் ஒரு தப்பாட்டம் ஆடினால் போதும், எதிரணிக்காரன் "ஆமா, நீங்கதாம்லே தொல்லை" என்று கத்துவான். கடற்கரைக் குழு என்பதால் அலை, துடுப்பு என்று எழுதவும் கை வரும். வள்ளமெல்லாம் எஞ்சினில் ஓடுகிற காலத்தில் துடுப்பை எழுதினால் உங்கள் அப்பாக்களே சிரிப்பார்கள்.

நான் தேர்ந்த வரி இது:

நெருக்கடி முற்ற முற்ற
நெஞ்சுரம் முந்தும்

"நெருக்கடி"யும் "நெஞ்சுர"மும் மோனையில் இணைகின்றன, "முற்ற"வும் "முந்தும்" என்பதும் அப்படியே. ஆங்கிலத்தில் சொல் திரும்பி வந்து செய்த வேலையை இங்கே ஓசை செய்கிறது. "முந்தும்" என்பதில் வேகம் இருப்பதால் வெறுமனே தாங்கிக்கொள்வதாகப் படாது. பெனால்டி பெட்டிக்குள் நாலு பேர் நெருக்கி நிற்கும்போதும் பொருந்தும். ஒரு குறை உண்டு: ஆங்கிலத்தில் ஆள் இருக்கிறான், இதில் இல்லை. சட்டைக்குள் ஆள் இருப்பதால் ஜெர்சியில் அது உறுத்தாது. ஆண்டு மலரில் போடுவதாக இருந்தால் "நெஞ்சுரம் உள்ளவன் முந்துவான்" என்று நீட்டிக்கொள்ளுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும்போது "முற்ற முற்ற" ஒரே வரியில் நிற்கட்டும். பிரிந்தால் அடுக்கு செத்துவிடும். யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிற கடையானால் "நெ" இரண்டிலும் கொம்பு இடம் மாறியிருக்கிறதா என்று மாதிரியை வாங்கிப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.