சிரிச்சா முழங்கால் மடங்குது, இது அசதியா வியாதியா? தூக்கம் பத்தி வந்த கேள்விகள்

கேள்வி (மேலூர், ஒரு அம்மா): டாக்டர், என் மகளுக்கு 17 வயசு, ப்ளஸ் டூ படிக்கிறா. ராத்திரி பத்து மணிக்கே படுத்துடுறா, ஆனாலும் க்ளாஸ்ல எழுதிக்கிட்டு இருக்கும்போதே தூங்கிடுறா, நோட்ட பாத்தா பாதிக்கு மேல கோடு கோடா கிறுக்கலா இருக்கு. இப்போ கொஞ்ச நாளா நல்லா சிரிச்சான்னா முழங்கால் மடங்கி அப்படியே உக்காந்துடுறா. ஃபிட்ஸ்ங்கறாக சிலபேர், சோம்பேறிங்கறாக சிலபேர்.

பதில்: அம்மா, முதல்ல அந்த புள்ளைய சோம்பேறின்னு சொல்றத நிறுத்த சொல்லுங்க. நீங்க எழுதினதுல எனக்கு முக்கியமா பட்டது அந்த சிரிப்புதான். இதுக்கு கேட்டாப்ளெக்ஸின்னு பேரு. சிரிப்பு, திடீர் சந்தோஷம், சில சமயம் கோவம் வந்தா தசையெல்லாம் சில நொடி, மிஞ்சிப்போனா ஒண்ணு ரெண்டு நிமிஷம் பிடிப்பில்லாம தளர்ந்துடும், சிலருக்கு தாடை மட்டும் தொங்கும், பேச்சு குழறும். அவகிட்ட ஒண்ணு கேளுங்க, "நீ கீழ உக்காந்தப்ப நாங்க பேசினது கேட்டுச்சா?"ன்னு. கேட்டுச்சுன்னா நினைவு போகல. கை கால் வெட்டி நினைவே இல்லாம போற ஃபிட்ஸ்ல அப்படி கேக்காது, முழிச்ச பிறகும் கொஞ்ச நேரம் குழப்பமா இருப்பாங்க. அடுத்த தடவ நடந்தா போன்ல வீடியோ எடுத்து வைங்க, டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

பகல்ல இப்படி அடக்க முடியாம தூங்குறதும் கேட்டாப்ளெக்ஸியும் சேர்ந்து வந்தா நார்கோலெப்ஸிங்கற தூக்க வியாதியான்னு பாக்கணும். அதுல நடக்குறது என்னன்னா, மூளைல ஹைப்போதலாமஸ்ங்கற இடத்துல ஓரெக்சின்னு ஒரு ரசாயனத்த சுரக்குற செல்கள் இருக்கு (1998ல தான் இத கண்டுபிடிச்சாங்க), முழிப்ப முழிப்பாவே பிடிச்சு வைக்கிறது அதோட வேலை. கேட்டாப்ளெக்ஸி இருக்குறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்த செல்கள் அழிஞ்சு போயிருக்கும். அதனால கனவு தூக்கம் முழிப்புக்குள்ள புகுந்துடுது. கனவு காணும்போது உடம்பு அசையாம இருக்க தசைய மூளை தளர்த்தி வைக்கும்ல, அந்த தளர்ச்சி முழிச்சிருக்கும்போதே வந்தா அதுதான் உங்க மக விழுறது. தூங்கப்போகும்போதோ முழிக்கும்போதோ நெஞ்சுல யாரோ உக்காந்து அமுக்குற மாதிரி இருக்குதா, ரூம்ல ஆள் நிக்கிற மாதிரி தெரியுதான்னும் கேளுங்க, அமுக்கான் பேய்னு ஊர்ல சொல்வோமே, அது எப்பவாவது யாருக்கும் வரும், அடிக்கடி வந்தா கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லணும்.

கேள்வி (மாட்டுத்தாவணி, பூ வியாபாரி): ராத்திரி 2 மணிக்கு எந்திரிச்சு மார்க்கெட்டுக்கு வர்றேன், மத்தியானம் கடைல உக்காந்தா கண்ணு சொக்குது. எனக்கும் அந்த வியாதியா?

பதில்: அண்ணே, எத்தன மணிக்கு படுக்குறீங்கன்னு நீங்க எழுதல, பத்து மணின்னா நாலு மணி நேர தூக்கம்தான், அதுக்கு எந்த உடம்பும் மத்தியானம் சொக்கத்தான் செய்யும். ரெண்டு வாரம் மத்தியான தூக்கத்தையும் சேர்த்து ஏழு எட்டு மணி நேரம் வர்ற மாதிரி பாருங்க. சொக்கல் குறைஞ்சா அது தூக்கக் கடன், வியாதி இல்ல. நார்கோலெப்ஸி எவ்வளவு தூங்கினாலும் போகாது, ஒரு 15 நிமிஷம் தூங்கினா தெளிவாயிடுவாங்க, அப்புறம் ரெண்டு மூணு மணி நேரத்துல திரும்ப வந்துடும். ராத்திரி சத்தமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நிக்குதுன்னு வீட்டுல சொன்னா அது ஸ்லீப் ஆப்னியா, நார்கோலெப்ஸிய விட ரொம்ப அதிகமா பாக்குறது அதத்தான்.

கேள்வி (உசிலம்பட்டி): டெஸ்ட் எப்படி எடுப்பாங்க, ரத்தத்துல தெரியுமா?

பதில்: சாதாரண ரத்த டெஸ்ட்ல தெரியாது, ரத்த சோகை, தைராய்டு இருக்கான்னு பாக்கத்தான் அது. முதல்ல ஒண்ணு ரெண்டு வாரம் தூக்க டைரி எழுதணும். அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க வயர் மாட்டி தூக்கத்த பதிவு பண்ணி, மறுநாள் பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க, அஞ்சு தடவ படுக்க வைப்போம். நான் பாத்த ஒரு காலேஜ் பையன் 3, 5, 2, 4, 6 நிமிஷத்துல தூங்கினான், சராசரி 4. எட்டும் அதுக்கு கீழயும் வந்தா சந்தேகம். அதவிட முக்கியம், கனவு தூக்கம் சாதாரணமா ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் கழிச்சுதான் வரும், அவனுக்கு மூணு தடவ 15 நிமிஷத்துக்குள்ளயே வந்துடுச்சு, ரெண்டு தடவ வந்தாலே போதும். ஆனா டைரி எழுதாம வந்தா அந்த பூக்கார அண்ணனுக்கும் இதே மாதிரி ரிசல்ட் வரலாம், தூக்கம் பத்தலன்னா அப்படியும் காட்டும். மனச்சோர்வு மாத்திரை கனவு தூக்கத்த அடக்கிடும், அதனால அத சாப்பிடுறவங்க முன்னாடியே சொல்லிடணும், நீங்களா நிறுத்தாதீங்க.

கேள்வி (திருமங்கலம்): எனக்கு நார்கோலெப்ஸின்னு சொல்லிட்டாங்க. மாத்திரை சாப்பிட்டா சரியாகிடுமா, பைக் ஓட்டலாமா?

பதில்: முழுசா குணமாகாது தம்பி, கட்டுப்பாட்டுல வைக்கலாம். மோடாஃபினில் மாதிரி மாத்திரைய காலைல எடுப்பாங்க, சாயங்காலம் போட்டா ராத்திரி தூக்கம் கெடும். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுற பொண்ணுங்க இத டாக்டர்கிட்ட சொல்லணும், மோடாஃபினில் அதோட வேலைய குறைச்சிடும். மத்தியானம் நேரம் வச்சு 15, 20 நிமிஷம் தூங்குறதும் சிகிச்சைதான், வேலை பாக்குற இடத்துல கேட்டு வாங்கிக்கங்க. பைக், தூக்கம் கட்டுக்குள்ள வந்து டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வேண்டவே வேண்டாம், பஸ்லயே போங்க.